குரோமியமும் தாமிரமும் ஏன் வரிசை மாறுகின்றன?

*"குரோமியத்துக்கு 3d⁴ 4s² என்று எழுதினால் தவறு, 3d⁵ 4s¹ என்பதே சரி என்கிறார்கள். பாதி நிரம்பிய d கூடுதல் நிலைப்புத்தன்மை கொண்டது என்று காரணம் சொல்கிறார்கள். அப்படியானால் அதே தொகுதியில் உள்ள டங்ஸ்டன் மட்டும் ஏன் 5d⁴ 6s²? 4s முதலில் நிரம்புகிறது என்றால், அயனியாகும்போது அதுவே ஏன் முதலில் வெளியேறுகிறது? குரோமியத்தின் 24-ஆவது எலக்ட்ரானுக்கு நான்கு குவாண்டம் எண்களை எழுதச் சொன்னால் எதை எழுதுவது?"*

குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பை யாரும் ஆஃபா தத்துவத்திலிருந்து கண்டுபிடிக்கவில்லை. குரோமிய ஆவி உமிழும் ஒளியையும் உறிஞ்சும் ஒளியையும் நிறமாலைமானியில் பிரித்து, கோடுகளின் இடங்களை அளந்து, அவை காந்தப் புலத்தில் எத்தனையாகப் பிளக்கின்றன என்று பார்த்து, அதிலிருந்து அணுவின் ஆற்றல் நிலைகளை வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையில் அடியில் இருக்கும் நிலையில் ஆறு ஒற்றை எலக்ட்ரான்கள் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருப்பது தெரிந்தது. 3d⁴ 4s² என்றால் நான்கு ஒற்றை எலக்ட்ரான்கள்தான் இருக்க முடியும். 3d⁵ 4s¹ என்றால் ஆறு. ஆகவே 3d⁵ 4s¹ என்பது அளந்து கண்ட செய்தி. நாம் மனப்பாடம் செய்யும் விதி, பெரும்பாலான தனிமங்களுக்கு அந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு வழி. விதியை முதலிலும் அணுவைப் பின்னாலும் வைப்பதால்தான் "விதிவிலக்கு" நமக்குப் புதிராகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த அமைப்புகள் எல்லாம் வாயு நிலையில் தனித்திருக்கும் ஓர் அணுவுக்கு, அதுவும் அதன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு மட்டுமே பொருந்தும். குரோமியம் பூசிய குழாயிலோ, டைகுரோமேட் கரைசலிலோ அணு தனியாக இல்லை. அங்கே வேறு கணக்கு.

குவாண்டம் எண்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம், ஏனெனில் கடைசிக் கேள்விக்கு அவை வேண்டும். முதன்மைக் குவாண்டம் எண் n ஆர்பிட்டாலின் அளவையும் ஆற்றலையும் பெருமளவு தீர்மானிக்கிறது. கோண உந்தக் குவாண்டம் எண் l, 0 முதல் n−1 வரை இருக்கலாம். 0 என்றால் s, 1 என்றால் p, 2 என்றால் d, 3 என்றால் f. காந்தக் குவாண்டம் எண் mₗ, −l முதல் +l வரை முழு எண்களாக வரும். 3d-க்கு l = 2, எனவே mₗ மதிப்புகள் −2, −1, 0, +1, +2. ஐந்து d ஆர்பிட்டால்கள் என்று நாம் ஐந்து கட்டங்கள் போடுவது இந்த ஐந்து எண்களால்தான். தற்சுழற்சிக் குவாண்டம் எண் mₛ, +½ அல்லது −½. ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்க முடியாது என்பது பௌலி தவிர்ப்புத் தத்துவம். அதனால் ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. அந்த இருவரும் எதிரெதிர் தற்சுழற்சியோடுதான் இருக்க வேண்டும்.

இனி வழக்கமான வரிசை. (n + l) மதிப்பு குறைந்த துணைக்கூடு முதலில் நிரம்பும். இரண்டுக்கு அதே மதிப்பு வந்தால் n குறைந்தது முதலில். 4s-க்கு 4 + 0 = 4, 3d-க்கு 3 + 2 = 5. அதனால் 4s முதலில். இதை அப்படியே குரோமியத்தின் 24 எலக்ட்ரான்களுக்குப் போட்டால் 18 எலக்ட்ரான்கள் ஆர்கான் அமைப்பில் அடங்கும். மீதி ஆறில் இரண்டு 4s-க்கும் நான்கு 3d-க்கும் போகும். [Ar] 3d⁴ 4s². நீங்கள் எழுதிய விடை இதுதான். விதியை நீங்கள் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அணு அதற்கு உடன்படவில்லை.

ஏன் என்பதற்கு முன், அயனியாகும்போது 4s ஏன் முதலில் வெளியேறுகிறது என்ற உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 4s-ஆ 3d-ஆ எது கீழே என்பதில் தெளிவு வந்தால்தான் குரோமியம் புரியும்.

பொட்டாசியம் அணு, Ca⁺ அயனி, Sc²⁺ அயனி ஆகிய மூன்றையும் அருகருகே வையுங்கள். மூன்றிலும் 19 எலக்ட்ரான்களே உள்ளன: ஆர்கான் கூட்டுக்கு வெளியே ஒரே ஓர் எலக்ட்ரான். வேறுபடுவது உட்கருவின் மின்சுமை மட்டும். 19, 20, 21. அந்த ஒற்றை எலக்ட்ரான் எங்கே இருக்க விரும்புகிறது? பொட்டாசியத்தில் 4s-இல். அங்கே 3d ஏறத்தாழ 2.67 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. Ca⁺-இலும் 4s-தான், ஆனால் இடைவெளி சுமார் 1.7 எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைந்துவிட்டது. Sc²⁺-இல் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. எலக்ட்ரான் 3d-இல் இருக்கிறது. 4s-க்கு அதை ஏற்ற வேண்டுமானால் 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

உட்கருவில் புரோட்டான்கள் கூடக் கூட 3d ஆர்பிட்டால் 4s-ஐவிட வேகமாகக் கீழே இறங்குகிறது என்பதே இதன் பொருள். ஸ்கேண்டியத்திலிருந்து தொடங்கும் இடைநிலைத் தனிமங்களில் 3d, 4s-க்குக் கீழேதான் இருக்கிறது. "4s-இன் ஆற்றல் 3d-ஐவிடக் குறைவு" என்று கரும்பலகையில் எழுதுவது பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் மட்டுமே உண்மை.

அப்படியானால் ஸ்கேண்டியம் அணு ஏன் 3d³ ஆக இல்லாமல் 3d¹ 4s² ஆக இருக்கிறது? Sc³⁺-இல் தொடங்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முதல் எலக்ட்ரான் 3d-க்குப் போகிறது. இரண்டாவது 4s-க்குப் போகிறது. Sc⁺-இன் தாழ்நிலை 3d¹ 4s¹. மூன்றாவதும் 4s-க்கே. காரணம், 3d ஆர்பிட்டால்கள் உட்கருவுக்கு நெருக்கமான சிறிய இடத்தில் அடங்கியவை. அதற்குள் இரண்டு, மூன்று எலக்ட்ரான்களை அடைத்தால் அவை ஒன்றையொன்று பலமாக விலக்குகின்றன. 4s பரந்தது, அங்கே இருக்கும் எலக்ட்ரான்களுக்கு இந்த நெரிசல் குறைவு. ஆர்பிட்டாலாகத் தனியே பார்த்தால் 3d மலிவு. விலக்கத்தையும் சேர்த்து மொத்த அணுவின் கணக்கைப் பார்த்தால் சில எலக்ட்ரான்களை 4s-இல் வைப்பதே மலிவு. அணு குறைத்துக்கொள்வது இந்த மொத்தத்தைத்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் அயனியாக்கமும் விளங்கிவிடும். அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்க நீக்க, மீதமுள்ளவை உட்கருவின் இழுப்பை இன்னும் வலுவாக உணர்கின்றன, நெரிசலும் குறைகிறது. இரண்டுமே 3d-க்குச் சாதகமானவை. அதனால் வெளியேறுவது 4s. இரும்பு 3d⁶ 4s², Fe²⁺ 3d⁶, Fe³⁺ 3d⁵. "கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும்" என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. இரும்பு அணு ஏதோ ஒரு நாள் 18 எலக்ட்ரான்களோடு நின்று, பிறகு ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளவில்லை. நிரப்பும் வரிசை என்பது பட்டியலில் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கதை. அந்தப் பயணத்தில் உட்கருவும் மாறுகிறது. அயனியாக்கத்தில் உட்கரு மாறுவதில்லை. இவை இரண்டு வேறு செயல்கள். ஒன்றை மற்றதன் தலைகீழ் என்று நினைப்பதால்தான் Fe²⁺-ஐ 3d⁴ 4s² என்று எழுதும் பிழை ஆண்டுதோறும் வருகிறது. விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்த்த பிழை இதுவே. இதற்காகவே 4s² 3d⁶ என்று நிரப்பும் வரிசையில் எழுதாமல் 3d⁶ 4s² என்று n வரிசையில் எழுதும் பழக்கத்தை வலியுறுத்துகிறேன். வலது ஓரத்திலிருந்து நீக்கினால் போதும், தவறு நேராது.

இப்போது குரோமியம். போட்டி 3d⁴ 4s²-க்கும் 3d⁵ 4s¹-க்கும். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் பௌலி தத்துவத்தின் காரணமாக ஒன்றையொன்று இயல்பாகவே விலகியிருக்கின்றன. அதனால் அவற்றுக்கிடையிலான மின் விலக்கம் குறைகிறது. இந்தக் குறைவையே பரிமாற்ற ஆற்றல் என்கிறோம். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட இணைகள் எத்தனை என்று எண்ணினால் இதன் அளவைத் தோராயமாக மதிப்பிடலாம்.

3d⁴ 4s²-இல் மேல்நோக்கிய தற்சுழற்சியில் நான்கு d, ஒரு s, ஆக ஐந்து எலக்ட்ரான்கள். ஐந்திலிருந்து பத்து இணைகள் கிடைக்கும். கீழ்நோக்கி ஒன்றே ஒன்று. அதற்கு இணை இல்லை. மொத்தம் 10. 3d⁵ 4s¹-இல் ஆறும் மேல்நோக்கி. ஆறிலிருந்து 15 இணைகள். அத்துடன், 4s-இல் இருவர் ஒரே கட்டத்தில் நெருங்கியிருக்கும் செலவும் நீங்குகிறது. மறுபக்கம், இன்னோர் எலக்ட்ரானை 3d-இன் நெரிசலுக்குள் கொண்டுவரும் செலவு கூடுகிறது. லாபம் செலவை மிஞ்சுகிறது. எவ்வளவு? நிறமாலை அளவீட்டின்படி 3d⁴ 4s²-இன் மிகத் தாழ்ந்த நிலை, உண்மையான தாழ்நிலையைவிட சுமார் 0.96 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. குரோமியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை முழுவதும் பிடுங்க 6.77 எலக்ட்ரான் வோல்ட் தேவை என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். 3d⁵-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 4s எலக்ட்ரானின் தற்சுழற்சியை மட்டும் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அப்படியொரு கிளர்வுற்ற நிலை குரோமியத்தில் உண்டு. d பாதி நிரம்பியே இருக்கிறது. ஐந்தும் ஒரே திசையில் இருக்கின்றன. பாடத்தில் சொல்லும் "பாதி நிரம்பிய நிலைப்புத்தன்மை" சிறிதும் குலையவில்லை. ஆனாலும் அந்த நிலை தாழ்நிலைக்கு 0.94 எலக்ட்ரான் வோல்ட் மேலே போய்விடுகிறது. 3d⁴ 4s²-க்கு ஏறக்குறையச் சமம். எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும்: s எலக்ட்ரானுக்கும் ஐந்து d எலக்ட்ரான்களுக்கும் இடையே இருந்த ஐந்து இணைகள் போய்விட்டன, 15 மீண்டும் 10 ஆகிவிட்டது. குரோமியத்தின் வெற்றி, d பாதி நிரம்பியதில் மட்டும் இல்லை. ஆறாவது எலக்ட்ரானான 4s-உம் அந்த ஐந்தோடு ஒரே திசையில் நிற்பதில் இருக்கிறது. ஆறு கட்டங்கள், ஆறு எலக்ட்ரான்கள், ஆறும் ஒரே திசையில். குரோமியத்தை அப்படி நினைவில் வையுங்கள்.

அடுத்த தனிமமான மாங்கனீசுக்கு ஏழு எலக்ட்ரான்கள். ஆறு கட்டங்களில் ஏழு பேர் என்றால் யாராவது ஒருவர் இணை சேர்ந்தே ஆக வேண்டும். நெரிசலான 3d-இல் சேர்வதைவிடப் பரந்த 4s-இல் சேர்வது மலிவு. அதனால் மாங்கனீசு 3d⁵ 4s²; அதன் 3d⁶ 4s¹ நிலை 2.1 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. விதிக்கு மிக உறுதியாகக் கட்டுப்பட்ட தனிமம் இது.

தாமிரத்துக்கும் இதே விளக்கத்தைப் போட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். 3d⁹ 4s²-இல் மேல்நோக்கி ஆறு, கீழ்நோக்கி ஐந்து; 15 + 10 = 25 இணைகள். 3d¹⁰ 4s¹-இலும் மேல்நோக்கி ஆறு, கீழ்நோக்கி ஐந்து, அதே 25. எண்ணிக்கையில் வேறுபாடே இல்லை. ஆகவே "பரிமாற்ற இணைகள் அதிகம்" என்ற வாதம் தாமிரத்தில் அவ்வளவு எளிதாக நிற்காது.

தாமிரத்தின் காரணத்தை நிக்கலிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். வரிசையில் வலப்பக்கம் போகப் போக 3d கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றேன். நிக்கலை அடையும்போது 3d⁸ 4s²-உம் 3d⁹ 4s¹-உம் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் ஒற்றை நிலை 3d⁸ 4s²-ஐச் சேர்ந்தது. அதனால்தான் அட்டவணைகளில் அது இருக்கிறது. ஆனால் 3d⁹ 4s¹-இன் அடிநிலை அதற்கு 0.03 எலக்ட்ரான் வோல்ட் கூட மேலே இல்லை. ஒவ்வொரு அமைப்பின் நெருங்கிய நிலைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 3d⁹ 4s¹-தான் கீழே வருகிறது. நிக்கலுக்கு இரண்டு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் எங்காவது கண்டு குழம்பியிருந்தால் காரணம் இதுவே. தேர்வில் 3d⁸ 4s² என்றே எழுதுங்கள்.

நிக்கலில் தராசு சமமாக நின்றது என்றால், இன்னொரு புரோட்டான் கூடியவுடன் அது 3d பக்கம் சாய்வதில் வியப்பில்லை. தாமிரம் 3d¹⁰ 4s¹. 3d⁹ 4s² நிலை 1.39 எலக்ட்ரான் வோல்ட் மேலே. அடுத்துத் துத்தநாகத்தில் 3d-உம் நிரம்பிவிட்டது, 4s-உம் நிரம்பிவிட்டது. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

ஐந்தாம் வரிசைக்குப் போனால் "பாதி நிரம்பினால் நிலைப்பு" என்ற வாக்கியத்தின் எல்லை பளிச்சென்று தெரியும். இட்ரியம் முதல் காட்மியம் வரை உள்ள பத்துத் தனிமங்களில் ஆறு விதிக்கு மாறானவை. நியோபியம் 4d⁴ 5s¹, மாலிப்டினம் 4d⁵ 5s¹, ருத்தீனியம் 4d⁷ 5s¹, ரோடியம் 4d⁸ 5s¹, பல்லேடியம் 4d¹⁰, வெள்ளி 4d¹⁰ 5s¹. இதில் நியோபியத்தின் நான்கும், ருத்தீனியத்தின் ஏழும், ரோடியத்தின் எட்டும் பாதியும் இல்லை, முழுமையும் இல்லை. 4d ஆர்பிட்டால்கள் 3d-ஐவிடப் பரந்தவை. உள்ளே நெரிசல் குறைவு. அதனால் s-இலிருந்து d-க்கு ஓர் எலக்ட்ரானை மாற்றும் செலவு குறைந்து, மாற்றம் அடிக்கடி நிகழ்கிறது. பல்லேடியத்தில் 5s-இன் இரண்டு எலக்ட்ரான்களுமே d-க்குப் போய்விடுகின்றன. ஐந்தாம் வரிசையில் இருந்துகொண்டு n = 5-இல் ஓர் எலக்ட்ரான்கூட இல்லாத தனிமம் அது.

வெள்ளியைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த விதிவிலக்கைக் கண்ணால் பார்க்க முடிந்திருக்கிறது. 1922-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்தர் கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப் புலத்தின் வழியாகச் செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்து கண்ணாடித் தகட்டில் படிந்தது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்ற கருத்தே 1925-இல்தான் முன்வைக்கப்பட்டது. அதனால் அந்த இரண்டின் உண்மையான பொருள் அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று நமக்குத் தெரியும். வெள்ளியின் 46 எலக்ட்ரான்கள் மூடிய அமைப்பாக ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மீதி ஒரு 5s எலக்ட்ரான். அதற்கு l = 0, mₗ = 0; சுற்றுப்பாதைக் கோண உந்தம் எதுவும் இல்லை. எஞ்சுவது mₛ மட்டும்: +½ அல்லது −½. அதனால் இரண்டு.

விதிப்படி வெள்ளி 4d⁹ 5s² ஆக இருந்திருந்தால்? d-இல் ஓர் எலக்ட்ரான் குறையும். அதன் l = 2-உம் ½ தற்சுழற்சியும் சேர்ந்து, தாழ்நிலையின் மொத்தக் கோண உந்தக் குவாண்டம் எண் 5/2 ஆகும். அத்தகைய கற்றை 2 × 5/2 + 1 = 6 ஆகப் பிரிய வேண்டும். தகட்டில் ஆறு தெரியவில்லை, இரண்டுதான் தெரிந்தது. 4d¹⁰ 5s¹ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு என் நினைவுக்கு வரும்.

டங்ஸ்டனுக்கு வருகிறேன். குரோமியம், மாலிப்டினம், டங்ஸ்டன் மூன்றும் ஒரே தொகுதி. முதல் இரண்டும் d⁵ s¹. டங்ஸ்டன் 5d⁴ 6s². இங்கே புதிதாக ஒன்று நுழைகிறது. 74 புரோட்டான்கள் கொண்ட உட்கருவுக்கு அருகில் s எலக்ட்ரான்கள் மிக அதிக வேகத்தில் இயங்குகின்றன. சார்பியல் விளைவால் s ஆர்பிட்டால்கள் சுருங்கிக் கீழே இறங்குகின்றன, 6s-உம் அப்படியே. சுருங்கிய உள் எலக்ட்ரான்கள் உட்கருவை இன்னும் நன்றாக மறைப்பதால் 5d சற்று மேலே ஏறுகிறது. 6s-இலிருந்து ஓர் எலக்ட்ரானை 5d-க்கு ஏற்றும் விலை கூடிவிடுகிறது. பரிமாற்ற ஆற்றலின் லாபம் அதை ஈடுசெய்யப் போதவில்லை. ஆனால் மிகச் சிறிய வித்தியாசத்தில்தான் தோற்கிறது: 5d⁵ 6s¹ நிலை 0.37 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. வரிசையின் கோடியில், உட்கருச் சுமை 5d-ஐ மேலும் கீழே இழுத்த பிறகு, பிளாட்டினம் 5d⁹ 6s¹, தங்கம் 5d¹⁰ 6s¹ என்று மாற்றம் மீண்டும் வருகிறது. பாதி நிரம்பும் லாபம் டங்ஸ்டனிலும் உண்டு. செலவும் வரவும் தனிமத்துக்குத் தனிமம் மாறும். எது மிஞ்சும் என்பதை ஒற்றை வாக்கியத்தால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இவற்றைத் தருவிக்க முயலாமல் நினைவில் வைத்துக்கொள்வதே சரி. பள்ளி அளவில் குரோமியம், தாமிரம் இரண்டும் கட்டாயம். கூடவே மாலிப்டினம், பல்லேடியம், வெள்ளி, தங்கம் தெரிந்தால் போதும்.

விதிவிலக்கை அயனிகளுக்கும் நீட்டுவது அடுத்த பெரிய பிழை. Fe²⁺-இல் ஆறு எலக்ட்ரான்கள் இருக்கின்றன, குரோமியத்திலும் ஆறு, ஆகவே Fe²⁺ 3d⁵ 4s¹ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். Fe²⁺-இல் 3d, 4s-க்கு வெகு கீழே போய்விட்டது. அங்கே போட்டியே இல்லை. அது 3d⁶. குரோமியத்தையே எடுங்கள். 3d⁵ 4s¹-இலிருந்து மூன்று எலக்ட்ரான்களை நீக்கினால் 3d³. தவறான 3d⁴ 4s²-இலிருந்து 4s-இன் இரண்டையும் 3d-இன் ஒன்றையும் நீக்கினாலும் 3d³. Cr³⁺-க்கு இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகின்றன. Cu²⁺-உம் அப்படியே: எப்படிப் போனாலும் 3d⁹. விதிவிலக்கின் தடம் நடுநிலை அணுவோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இனி 24-ஆவது எலக்ட்ரான். எலக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. எதற்கும் வரிசை எண் இல்லை. ஆகவே இயற்பியல்படி அந்தக் கேள்விக்குப் பொருளில்லை. கேட்பவர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரானையே. அதற்கு விடை: n = 4, l = 0, mₗ = 0, mₛ = +½. 3d எலக்ட்ரான்களைக் கேட்டால் ஐந்துக்கும் n = 3, l = 2; mₗ மட்டும் −2 முதல் +2 வரை ஆளுக்கொன்று; mₛ ஐந்துக்கும் +½. எல்லாவற்றுக்கும் −½ என்று எழுதினாலும் தவறில்லை, ஆறுக்கும் ஒரே குறி இருக்க வேண்டும் என்பதே விஷயம். ஐந்துக்கு +½ எழுதிவிட்டு 4s-க்கு −½ எழுதினால் அது 0.94 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கும் அந்தக் கிளர்வுற்ற நிலை.

தேர்வுகளில் இதே கேள்வி வேறு உருவில் வரும்: குரோமியத்தில் l = 1, l = 2 கொண்ட எலக்ட்ரான்கள் எத்தனை? அமைப்பை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.

```
1s² 2s² 2p⁶ 3s² 3p⁶ 3d⁵ 4s¹
```

l = 1 என்பது 2p, 3p; 6 + 6 = 12. l = 2 என்பது 3d; 5. l = 0 என்பது நான்கு s துணைக்கூடுகள்; 2 + 2 + 2 + 1 = 7. கூட்டினால் 24, சரிபார்த்தாகிவிட்டது. mₗ = 0 கொண்டவை எத்தனை என்று கேட்டால், s அனைத்தும் சேரும், அது 7; ஒவ்வொரு p துணைக்கூட்டிலும் இரண்டு, அது 4; 3d-இல் ஒன்று. மொத்தம் 12. விதியை அப்படியே நம்பி 3d⁴ 4s² என்று எழுதியிருந்தால் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையே சொல்ல முடியாது. ஐந்து கட்டங்களில் நான்குதான் நிரம்பியிருக்கும்; காலியாக இருப்பது mₗ = 0 கட்டமா, வேறா என்று அமைப்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியில்லை. அப்படி ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால், எழுதிய அமைப்பை முதலில் மீண்டும் பாருங்கள்.